பாட்டு வருவதற்கு முன் அரை நிமிடம்

பழைய ரேடியோவைப் பற்றிய கவிதைகள் பெரும்பாலும் நேராகப் பாட்டுக்குப் போய்விடுகின்றன. வால்வு ரேடியோவில் அப்படி நடக்காது. குமிழைத் திருகியதும் உள்ளே வால்வுகள் சூடேற வேண்டும். அதுவரை, ஏறக்குறைய அரை நிமிடம், குடும்பமே பேச்சின்றிக் காத்திருக்கும். சில பெட்டிகளில் பச்சைக் கண் ஒன்று ஒளிரும். அலைவரிசை சரியாகப் பிடிபட்டால் அதிலுள்ள நிழல் சுருங்கும்.

1952-க்குப் பின் அமைச்சர் பி.வி.கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியது. நேயர்கள் இலங்கை வானொலிக்குத் திரும்பினார்கள். 1957-இல் விவித் பாரதி வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை.

சிற்றலையில் கேட்டவர்களுக்குப் பாட்டு நடுவில் தேய்ந்து, மறுபடி மேலெழும். வானின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலைகள் வெவ்வேறு வழிகளில் வந்து சேர்ந்து, சில நொடி கூடும், சில நொடி ஒன்றையொன்று அழிக்கும். தேய்ந்த அடியை வீட்டிலிருப்பவர்களே பாடி நிரப்புவார்கள்.

எழுதப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பாட்டின் பெயர்களை அடுக்காதீர்கள். அந்த அரை நிமிடத்தை எழுதுங்கள்.