பழைய நேரத்தைச் சொன்ன சாட்பொட்: ஒரு மருத்துவ முகாமில் நாம் கற்றது

எமது பாடசாலையின் பழைய மாணவர்கள் நடத்திய மூன்று நாள் நிகழ்வில் நானும் ஏற்பாட்டுக் குழுவில் இருந்தேன். சனிக்கிழமை காலை இலவச இரத்தப் பரிசோதனை முகாம். ஞாயிறு மாலை மைதானத்தில் பரிசளிப்பு. இடையில் கண்காட்சியும் பெண்களுக்கான ஆலோசனை அமர்வும். "எத்தனை மணிக்கு, எங்கே?" என்று கேட்டு வரும் தொலைபேசி அழைப்புகள் தாங்க முடியாமல் போகவே, கணினித்துறையில் வேலை செய்யும் என் பழைய மாணவர் ஒருவர் வட்ஸ்அப்பில் பதில் சொல்லும் சாட்பொட் ஒன்றை அமைத்துத் தந்தார். முதல் இரண்டு நாட்கள் அது அழகாக வேலை செய்தது.

வெள்ளி இரவு 9.20க்கு ஆய்வுகூடத்தினர் அழைத்தார்கள். காலை 7.00க்கு வர முடியாது, 9.30க்குத்தான் வருவோம் என்றார்கள். உடனே "நாளைய முகாம் இரண்டரை மணித்தியாலம் பிந்தும்" என்று ஓர் அறிவித்தல் எழுதி, சாட்பொட்டின் ஆவணங்களோடு சேர்த்துவிட்டோம். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை 6.30க்கே ஒரு மூதாட்டி வந்துவிட்டார். சீனி வருத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர். முந்தைய இரவு எட்டு மணிக்குப் பிறகு எதுவும் உண்ணவில்லை. ஒன்பது மணியளவில் அவருக்குக் கை நடுங்கி வியர்க்கத் தொடங்கியது. அங்கிருந்த தாதி சீனி கரைத்த தண்ணீர் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் தேறிவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய பரிசோதனை அன்று நடக்கவில்லை. "மகன், ராத்திரி பத்து மணிக்குப் பேரன் கேட்டுப் பார்த்தான். ஏழு மணி எண்டுதானே உங்கட போன் சொன்னது" என்றார். பேரனின் கைத்தொலைபேசியைப் பார்த்தேன். உண்மைதான். நாம் அறிவித்தல் போட்ட பிறகும் அது பழைய நேரத்தையே சொல்லியிருந்தது.

காரணத்தை என் மாணவர் விளக்கியபோதுதான் தவறு எங்கே என்று புரிந்தது. இவ்வகைச் சாட்பொட், கேள்வி வந்ததும் தன்னிடம் உள்ள ஆவணங்களில் அக்கேள்விக்குப் பொருளால் மிக நெருங்கிய பகுதியைத் தேடி எடுக்கும். பிறகு அதைப் பார்த்து மொழி மாதிரி பதிலை எழுதும். பேரன் கேட்டது "இரத்தப் பரிசோதனை எத்தனை மணிக்கு?" என்று. நாம் முதலில் கொடுத்த நிகழ்ச்சிநிரல் பீடிஎப்பில் "சனிக்கிழமை, இரத்தப் பரிசோதனை, காலை 7.00, பாடசாலை மண்டபம்" என்று இருந்தது. கேள்வியின் சொற்கள் அப்படியே அதில் உள்ளன. புதிய அறிவித்தலிலோ "இரத்தப் பரிசோதனை" என்ற சொல்லே இல்லை. "நாளை" என்றால் எந்த நாள் என்றும் இல்லை. ஆகவே தேடல் பழையதை எடுத்துக் கொடுத்தது. எது புதியது, எது பழையது என்று நாம் சொல்லி வைக்காவிட்டால் தேடலுக்குத் தெரியாது. பதிலும் தயக்கமில்லாத நல்ல தமிழில் வந்ததால், கேட்டவருக்குச் சந்தேகம் வர வழியே இல்லை.

எனவே மாற்றத்தைப் "சேர்ப்பது" போதாது. பழையதை எடுத்துவிட வேண்டும். அன்று பகலே பீடிஎப்பையும் அறிவித்தல்களையும் சாட்பொட்டிலிருந்து நீக்கினோம். அவற்றுக்குப் பதிலாக கூகுள் ஷீட்டில் ஒரே ஒரு அட்டவணை. ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி மட்டும். அந்த வரியில் நிகழ்வின் பெயர், திகதி, நேரம், இடம், நிலை, கடைசியாக உறுதிசெய்த நேரம் ஆகியவை. நேரம் மாறினால் புதிய வரி எழுதக் கூடாது. இருக்கும் வரியையே திருத்த வேண்டும். ஒவ்வொரு கேள்வி வரும்போதும் சாட்பொட் அந்த அட்டவணையைப் புதிதாக வாசித்த பிறகே பதில் சொல்லும். அதே உரையாடலில் தான் முன்பு சொன்ன பதிலைப் பார்த்து மீண்டும் சொல்லாது.

"நிலை" என்ற பத்தியில் உறுதி, மாற்றம், பரிசீலனையில், ரத்து என்று நான்கு சொற்கள் மட்டுமே வரலாம். இதில் "பரிசீலனையில்" என்பதுதான் மிகவும் உதவியது. ஆய்வுகூடத்தினர் அழைத்துப் பேசிக்கொண்டிருக்கும் அந்தப் பதினைந்து நிமிடத்தில் புதிய நேரம் நமக்கே தெரியாது. அப்போது வரியை "பரிசீலனையில்" என்று மாற்றினால், சாட்பொட் எந்த நேரத்தையும் சொல்லாமல், இன்னும் முடிவாகவில்லை என்று கூறி ஒரு பொறுப்பாளரின் இலக்கத்தைக் கொடுக்கும். ஒவ்வொரு பதிலின் கீழும் கடைசியாக உறுதிசெய்த நேரம் வரும்படியும் செய்தோம். இரவு பத்து மணிக்கு வரும் பதிலில் "காலை 8.00க்கு உறுதிசெய்யப்பட்டது" என்று இருந்தால், வாசிப்பவர் ஒரு தடவை அழைத்துப் பார்ப்பார்.

ஞாயிறன்று இம்முறைக்குச் சோதனை வந்தது. பிற்பகல் 2.00க்கு மழை. பரிசளிப்பை மைதானத்திலிருந்து மண்டபத்துக்கு மாற்றினோம். வரியைத் திருத்திய ஒரு நிமிடத்துக்குள் சாட்பொட் புதிய இடத்தைச் சொன்னது. ஆனால் அது கேட்பவருக்கு மட்டுமே சொல்லும். ஏற்கெனவே கேட்டு "மைதானம்" என்ற பதிலைப் பெற்றவர்கள் மீண்டும் கேட்கப் போவதில்லை. அந்த மூதாட்டியின் பேரனும் எட்டு மணிக்குக் கேட்டிருந்தால், சாட்பொட் சரியாகவே வேலை செய்திருந்தாலும் அவர் பழைய நேரத்துக்கே வந்திருப்பார்.

அதனால் யார் எந்த நிகழ்வைப் பற்றிக் கேட்டார் என்ற பதிவு வேண்டும். வரி மாறியதும் அவர்களுக்கு நாமே செய்தி அனுப்ப வேண்டும். இங்கே வட்ஸ்அப்பின் விதி ஒன்று உண்டு. ஒருவர் கடைசியாக எழுதி 24 மணித்தியாலத்துக்குள் என்றால்தான் வணிகக் கணக்கிலிருந்து நாம் விரும்பியபடி எழுதி அனுப்பலாம். அதற்குப் பிறகு, முன்கூட்டியே அனுமதி பெற்ற மாதிரிச் செய்தியை மட்டுமே அனுப்ப முடியும். நாம் அப்படி ஒன்றுக்கு அனுமதி பெற்றிருக்கவில்லை. பரிசளிப்பைப் பற்றிக் கேட்ட 41 பேரில் 23 பேருக்குச் செய்தி போனது. மீதி 18 பேருக்கு உயர்தர மாணவர்கள் உட்கார்ந்து ஒவ்வொருவராக அழைத்தார்கள். நிகழ்வின் பெயர், புதிய நேரம், புதிய இடம் ஆகியவற்றுக்கு வெற்றிடம் விட்ட ஒரு மாதிரிச் செய்திக்கு முந்தைய வாரமே அனுமதி பெற்றிருந்தால், அந்த அழைப்புகள் தேவைப்பட்டிருக்காது. பதிவை நிகழ்வு முடிந்ததும் அழிப்பதாகவும் கேட்பவருக்கு முதலிலேயே சொல்ல வேண்டும். அவை மக்களின் இலக்கங்கள்.

உங்கள் ஊரில் இப்படி ஒன்றை அமைப்பதாக இருந்தால், மக்களுக்குத் திறந்துவிடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு நிகழ்வின் நேரத்தை வேண்டுமென்றே மாற்றிவிட்டு, அதே கேள்வியை ஐந்து விதமாகக் கேளுங்கள். பேச்சுத் தமிழில், ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழில், நிகழ்வின் பெயரைச் சொல்லாமல், "நாளைக்கு" என்று, "இண்டைக்கு" என்று. ஐந்திலும் புதிய நேரம் வர வேண்டும். ஒன்றில் பழையது வந்தாலும், பழைய தகவல் எங்கோ மிஞ்சியிருக்கிறது என்று பொருள்.

"இண்டைக்கு" என்ற கேள்வியை மட்டும் ஸுப்ஹுத் தொழுகை முடிந்து, காலை ஐந்து மணியளவில் கேட்டுப் பாருங்கள். பல சேவையகங்களின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடும். அது நமக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால். நமக்குக் காலை 5.00 ஆகும்போது அதற்கு முந்தைய நாள் இரவு 11.30. நேர வலயத்தை Asia/Colombo என்று குறிப்பிடாவிட்டால், அது நேற்றைய நிகழ்வையே இன்றையது என்று சொல்லும். வெறும் வயிற்றோடு புறப்படும் ஒருவர் கேட்பது அந்த நேரத்தில்தான்.

இத்தனைக்குப் பிறகும் ஒன்று மனிதர் கையில்தான் இருக்கிறது. வரியை யாராவது திருத்தும்வரை சாட்பொட்டுக்கு எதுவும் தெரியாது. எம்மில் ஒருவருக்கு மட்டும் அந்த அட்டவணையைத் திருத்தும் பொறுப்பையும், அவர் தொழுகைக்கோ உறங்கவோ போனால் இன்னொருவருக்கும் கொடுத்தோம். இரத்தப் பரிசோதனைக்கு மட்டும், பெயர் பதிந்தவர்களை முந்தைய இரவு நேரில் அழைத்துச் சொல்வது என்று அடுத்த முகாமுக்கு முடிவெடுத்திருக்கிறோம். அந்த மூதாட்டியின் பெயர் பட்டியலில் முதலாவதாக இருக்கிறது.