பிழை பொறுக்க வேண்டாம், இடத்தைச் சொல்லுங்கள்

தமிழாக்கப்பட்ட தொழில் நூல்களைப் புரட்டியவர்களுக்கு இப்படியொரு முன்னுரை பழக்கமானதாகவே இருக்கும்: “உலகெங்கும் பாராட்டப்பெற்ற இந்தக் கையேடு, மூலத்தின் கருத்துச் சிதையாமல், எளிய தமிழில், நம் மண்ணுக்கேற்ப மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. துறை வல்லுநர்களின் ஆலோசனையும் பெறப்பட்டது. பிழைகள் இருப்பின் பொறுத்தருள்க.” எந்த நூலிலிருந்தும் எடுத்த வாசகம் அல்ல இது, பலவற்றின் சாயலில் இங்கே எழுதிக்கொண்டது. நாவலுக்கோ கவிதைத் தொகுப்புக்கோ இப்படி எழுதினால் யாருக்கும் நஷ்டமில்லை. மருந்தளவு சொல்லும் நூலுக்கு எழுதினால் நான்கு இடங்களில் சிக்கல் வருகிறது.

நான்கையும் காட்ட ஓர் உண்மையான நூலே வசதி. உலக சுகாதார நிறுவனம், வயிற்றுப்போக்குச் சிகிச்சை பற்றி மருத்துவர்களுக்காகவும் மூத்த சுகாதாரப் பணியாளர்களுக்காகவும் ஒரு கையேடு வெளியிட்டிருக்கிறது. அதன் நான்காம் திருத்தம் 2005இல் வந்தது. அதைத் தமிழாக்கிய ஒருவர் மேலே கண்ட முன்னுரையை எழுதிவிட்டு, பிறகு மனம் கேட்காமல் திருத்த உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

அவர் முதலில் கைவைக்க வேண்டியது “உலகெங்கும் பாராட்டப்பெற்ற” என்பதில். புகழ்ச்சி இருக்கும் அந்த இடத்தில் எந்தத் திருத்தம், எந்த ஆண்டு என்ற தகவல் இல்லை. இதே கையேட்டின் முந்தைய திருத்தம் 1995இல் வந்தது. இரண்டுக்கும் நடுவே, 2002இல், உப்புச் சர்க்கரைக் கரைசலின் கலவையையே உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் மாற்றிவிட்டன. பழைய ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்கு 90 மில்லிமோல் சோடியம், புதியதில் 75. கரைந்திருக்கும் பொருள்களின் மொத்தச் செறிவும் 311இலிருந்து 245ஆக இறங்கியது. செறிவு குறைந்த கரைசலைக் குடித்த குழந்தைகளுக்கு வாந்தியும் பேதியும் குறைந்தன, நரம்பு வழியாகத் திரவம் ஏற்றவேண்டிய தேவையும் குறைந்தது என்று ஆய்வுகளில் தெரியவந்ததே காரணம். 2004இல் துத்தநாகமும் சேர்ந்தது: நாளுக்கு 20 மில்லிகிராம், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 10, பத்து முதல் பதினான்கு நாள் வரை.

பழைய நூலகப் பிரதி ஒன்றை வைத்துத் தமிழாக்கியவர் எவ்வளவு கவனமாகப் பெயர்த்திருந்தாலும், கருத்து எள்ளளவும் சிதையாமலே பழைய கரைசலைத்தான் வாசகர் கையில் கொடுத்திருப்பார். பதிப்பு எதுவென்று தெரியாத வாசகருக்கு அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஆகவே முதல் வாக்கியம் இப்படி மாறுகிறது: “2005இல் வெளியான நான்காம் திருத்தத்தின் ஆங்கில மூலத்திலிருந்து இது பெயர்க்கப்பட்டது. அதன்பின் வந்த பரிந்துரைகள் இதில் சேர்க்கப்படவில்லை.” பாராட்டு போய்விட்டது. இழப்பு ஒன்றுமில்லை.

அடுத்தது “மூலத்தின் கருத்துச் சிதையாமல், நம் மண்ணுக்கேற்ப” என்ற இரட்டை வாக்குறுதி. சேர்த்துப் படிக்கும்போது இதமாகத்தான் இருக்கிறது, ஆனால் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. மண்ணுக்கேற்ப மாற்றினால் மூலத்தில் எங்கோ கைவைத்தாக வேண்டும். எங்கே என்பதுதான் கேள்வி.

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் கரைக்கும் கணக்கில் எழுதப்பட்ட வாசகத்தை நம்மூர் மருந்துக்கடைக்குக் கொண்டுவந்தால் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. இங்கே ஒரு லிட்டருக்கான பெரிய பொட்டலமும் கிடைக்கும், 200 மில்லிலிட்டருக்கான சிறிய பொட்டலமும் கிடைக்கும். சிறியதை ஒரு லிட்டரில் கரைத்தால் கரைசல் ஐந்தில் ஒரு பங்காக நீர்த்துப்போகும். பெரியதை ஒரு டம்ளரில் கரைத்தால் ஐந்து மடங்கு உப்பு. நீரிழந்த குழந்தையின் ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடலாம். பொறுப்புள்ள மொழிபெயர்ப்பாளர் இந்த இடத்தில் ஒரு குறிப்புச் சேர்க்கத்தான் செய்வார், சேர்க்கவும் வேண்டும். ஆனால் அது அவருடைய குறிப்பு. மூலத்தில் இல்லாத வரி, மூலத்தின் குரலில் பேசக்கூடாது. “சதுர அடைப்புக்குள் வருபவை மொழிபெயர்ப்பாளரின் சேர்க்கைகள். அளவுகளும் அலகுகளும் எங்கும் மாற்றப்படவில்லை. வீட்டில் கொடுக்கும் பானங்களின் உதாரணங்களில் மட்டும் இங்கே வழக்கத்தில் உள்ளவை சேர்க்கப்பட்டுள்ளன” என்று முன்னுரை சொல்லிவிட்டால், எதை ஜெனீவா சொன்னது, எதை மொழிபெயர்ப்பாளர் சொன்னார் என்பது வாசகருக்குப் பிரிந்து தெரியும்.

மொழிபெயர்ப்பும் தழுவலும் ஒன்றல்ல என்பதை உலக சுகாதார நிறுவனமே கறாராக வைத்திருக்கிறது. 2016இன் பிற்பகுதியிலிருந்து அதன் வெளியீடுகள் பெரும்பாலும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகின்றன. அவற்றை வெளியார் மொழிபெயர்த்தால், இது நிறுவனம் செய்த மொழிபெயர்ப்பு அல்ல, இதன் உள்ளடக்கத்துக்கோ துல்லியத்துக்கோ நிறுவனம் பொறுப்பல்ல, ஆங்கில மூலமே செல்லுபடியானது என்று அச்சிட வேண்டும். தழுவி எழுதினால் அறிவிப்பே வேறு: இதிலுள்ள கருத்துகள் தழுவியவருடையவை, நிறுவனம் இவற்றை ஆமோதிக்கவில்லை. “நம் மண்ணுக்கேற்ப” என்று பெருமையாக எழுதுபவர், தான் இந்தக் கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. 2005 கையேடு இந்த உரிமத்துக்கு முந்தையது என்பதால், அதை மொழிபெயர்த்து வெளியிட நிறுவனத்திடம் அனுமதி கேட்க வேண்டும். அது கிடைத்த விவரமும் முன்னுரையில் வரவேண்டிய செய்தியே.

மூன்றாவது, “துறை வல்லுநர்களின் ஆலோசனை”. முன்னுரைகளில் அதிகம் ஏமாற்றும் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும், அதுவும் பொய் சொல்லாமலே. ஒரு மருத்துவர் தேநீர் நேரத்தில் பத்துப் பக்கம் படித்து “நன்றாக இருக்கிறது” என்றாலும் ஆலோசனைதான். இரண்டு மாதம் மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டாலும் ஆலோசனைதான்.

மொழிபெயர்ப்புச் சேவைகளுக்கான ஐ.எஸ்.ஓ. 17100 தரநிலை (2015) இவற்றைத் தனித்தனி வேலைகளாகப் பிரிக்கிறது. மூலத்தையும் பெயர்ப்பையும் அருகருகே வைத்து இன்னொருவர் ஒப்பிடுவது ஒரு வேலை, அது கட்டாயம். பெயர்ப்பை மட்டும் படித்து, துறைக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது வேறொரு வேலை. வாடிக்கையாளருடன் பேசிக்கொண்டபடி அது நடக்கலாம், நடக்காமலும் போகலாம்.

வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது கையேட்டின் சிகிச்சைத் திட்டம் ‘சி’யில் தெரியும். கடுமையாக நீரிழந்தவர்களுக்கு நரம்பு வழியாகத் திரவம் ஏற்றும் திட்டம் அது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, எடையில் கிலோவுக்கு 30 மில்லிலிட்டரை ஒரு மணி நேரத்தில் ஏற்றி, மீதி 70ஐ ஐந்து மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். அதைவிடப் பெரியவர்களுக்கு அதே 30ஐ அரை மணியில், 70ஐ இரண்டரை மணியில். தட்டச்சில் இந்த இரண்டு வரிசைகளும் இடம் மாறிவிட்டால் என்ன ஆகும்? தமிழ் வாக்கியம் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். எழுத்துப்பிழை பார்ப்பவர் தாண்டிப் போய்விடுவார். குழந்தைநல மருத்துவர் ஒருவர் கண்ணில் படலாம், அதுவும் அவர் அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்திருந்தால். மூலத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டவர்தான் நிச்சயமாகப் பிடிப்பார். எனவே முன்னுரை சொல்ல வேண்டியது யார், எதை, எதோடு வைத்துப் பார்த்தார் என்பதை: “சிகிச்சைத் திட்டங்களின் அளவுகள் அனைத்தையும் குழந்தைநல மருத்துவர் ஒருவர் ஆங்கில மூலத்தோடு ஒப்பிட்டார். மற்ற பகுதிகளை அவர் தமிழில் மட்டும் படித்தார். பின்னிணைப்புகளை மருத்துவர் எவரும் பார்க்கவில்லை.”

கடைசி வாக்கியத்தை எழுதப் பதிப்பகத்தார் தயங்குவார்கள். புத்தகம் விற்காது என்பார்கள். ஆனால் பின்னிணைப்பைப் பயன்படுத்தப்போகும் செவிலியருக்கு அந்த முன்னுரையிலேயே மிகவும் உதவும் வரி அதுதான். தயக்கம் தாங்க முடியவில்லையென்றால் இன்னொரு வழி உண்டு: பின்னிணைப்பையும் ஒப்பிட்டுவிட்டு அந்த வரியை எடுத்துவிடலாம். ஒப்பிடாத மருந்தளவு அட்டவணையை “ஒப்பிடவில்லை” என்ற அறிவிப்போடு அச்சுக்கு அனுப்புவதில் நேர்மை இருக்கலாம், பொறுப்பு இல்லை. சில குறைகளை முன்னுரையில் ஒப்புக்கொள்ளலாம். சிலவற்றைச் சரிசெய்துவிட்டுத்தான் முன்னுரைக்கே வரவேண்டும்.

எஞ்சியிருப்பது “பொறுத்தருள்க”. அவையடக்கம் நம் நூல் மரபில் நெடுங்காலமாக உள்ளது. அதன் அழகை யாரும் மறுக்கப்போவதில்லை. இங்கே அது செய்யும் வேலை வேறு. தவறான அளவில் திரவம் ஏற்றப்பட்ட குழந்தையின் சார்பில் யார் பொறுத்தருள்வது? அந்த இடத்தில் வாசகருக்குத் தேவைப்படுவது, தமிழும் ஆங்கிலமும் முரண்பட்டால் எதைப் பின்பற்றுவது, பிழையை யாருக்கு எழுதுவது என்ற இரண்டு விவரங்கள்.

முதல் விவரத்தில் எல்லா மொழிபெயர்ப்புகளும் ஒரே தரத்தில் இல்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் தமிழ்ப் பெயர்ப்புகள், வழக்காடுபவர் தம் மொழியில் புரிந்துகொள்ள மட்டுமே என்றும், ஆங்கிலத் தீர்ப்பே அதிகாரபூர்வமானது என்றும் அறிவிக்கின்றன. ஆனால் மத்தியச் சட்டம் ஒன்றின் தமிழாக்கம் குடியரசுத் தலைவரின் அதிகாரத்தின் கீழ் அரசிதழில் வெளியாகியிருந்தால், 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி அதுவே அம்மொழியில் அதிகாரபூர்வமான வாசகம். அதே சட்டத்தைத் தனியார் ஒருவர் பெயர்த்து விற்றால் அந்த அந்தஸ்து கிடையாது. பார்வைக்கு இரண்டும் சட்டப் புத்தகம்தான்; முன்னுரை சொன்னால்தான் தெரியும். நம் கையேட்டுக்காரர் எழுத வேண்டியது எளிது: “முரண்பாடு தோன்றினால் ஆங்கில மூலத்தைப் பின்பற்றவும்.” கூடவே மூலம் கிடைக்கும் இடமும், பிழை அனுப்பும் முகவரியும்.

இவ்வளவும் எழுத நினைவை நம்பக்கூடாது. மொழிபெயர்க்கும்போதே ஐயங்களை ஒரு தாளில் பக்க எண்ணோடு குறித்துவந்தவரால்தான் முன்னுரையில் இடம் சுட்டிப் பேச முடியும். வேலை தொடங்குமுன் எழுதிய முன்னுரை, செய்ய நினைத்ததைத்தான் சொல்லும். 1611இல் வந்த ஆங்கில பைபிளின் மொழிபெயர்ப்பாளர்கள், பொருள் உறுதியாகாத இடங்களில் மாற்றுப் பொருளைப் பக்க ஓரத்தில் கொடுத்துவிட்டு, அதை முன்னுரையில் வாதாடி நியாயப்படுத்தினார்கள். வேத நூலுக்கே ஐயத்தைக் காட்டலாம் என்றால், மருத்துவக் கையேட்டுக்கு என்ன தடை?

திருத்திய முன்னுரை பழையதைவிட மூன்று மடங்கு நீளமாகிவிட்டது. அதில் ஒரு புகழ்ச்சிச் சொல் கூட இல்லை. ஆனாலும் ஒரு தொல்லை மிச்சம்: ஆரம்ப சுகாதார நிலையத்தில் யாரும் முன்னுரையைப் படிக்கப்போவதில்லை. சிகிச்சைத் திட்ட அட்டவணை இருக்கும் பக்கத்தை மட்டும் நகலெடுத்துச் சுவரில் ஒட்டுவார்கள். அதனால் முன்னுரையில் உள்ளதில் உயிர்காக்கும் சில வரிகள் அந்தப் பக்கத்தின் அடியிலும் சிறிய எழுத்தில் அச்சாக வேண்டும்: மூலம் 2005 திருத்தம், அளவுகள் மூலத்தோடு ஒப்பிடப்பட்டவை, கரைசல் அளவு ஒரு லிட்டர் பொட்டலத்துக்கு மட்டும்.