மலம் கழித்ததும் அடங்கும் வயிற்றுவலி

முப்பது வயதுப் பெண், வங்கி ஊழியர் என்று வைத்துக்கொள்வோம். காலை டிபனை முடித்துக் கிளம்பும் நேரத்தில் அடிவயிறு பிடித்து இழுக்கிறது. வயிறு உப்பிப் புடவைக்கட்டு இறுகுகிறது. கழிப்பறைக்குப் போய்வந்ததும் வலி தணிந்துவிடுகிறது. எட்டு மாதமாக வாரத்தில் இரண்டு, மூன்று நாள் இதே கதை. வலி வரும் நாளில் மலம் இளகிப் பலமுறை போகிறது. ஸ்கேனில் குறை ஏதும் தெரியவில்லை.

1978இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் மேனிங் என்ற மருத்துவரும் சகாக்களும் வயிற்றுவலிக்காரர்களின் தொல்லைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மலம் கழித்ததும் வலி குறைவது, வலி தொடங்கும்போது மலம் இளகி அடிக்கடி போவது, வயிறு உப்புவது ஆகியவை குடலில் புண்ணோ கட்டியோ இல்லாதவர்களிடமே அதிகம் தென்பட்டன. இந்தத் தொல்லைக்குத்தான் மருத்துவர்கள் ஐபிஎஸ் என்கிறார்கள்.

உணவு இரைப்பைக்குள் போனதும் பெருங்குடல் சுருங்குவது எல்லோருக்கும் இயல்பு. ஐபிஎஸ் உள்ள பலருக்குக் குடல் நரம்புகள் கூர்மையாகிவிடுகின்றன. மற்றவர்கள் உணராத சுருக்கமும் சிறிதளவு வாயுவும் இவர்களுக்கு வலியாகின்றன. மலமும் வாயுவும் வெளியேறியதும் குடலின் இறுக்கம் தளர்கிறது, வலியும் அடங்குகிறது. ஸ்கேனில் தெரியாததாலேயே இது மனப்பிரமை என்று ஒதுக்குவது பெரிய அநியாயம். கடுமையான வயிற்றுப்போக்கு வந்துபோன பிறகும் சிலருக்கு இது தொடங்குவதுண்டு.

இப்போதைய ரோம் விதிப்படி, வலி தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். கடைசி மூன்று மாதத்தில் வாரம் ஒரு நாளாவது வந்திருக்க வேண்டும். மலம் கழிப்பதோடு தொடர்பு, எத்தனை முறை போகிறது என்பதில் மாற்றம், மலத்தின் தன்மையில் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டாவது இருக்க வேண்டும். வங்கி ஊழியருக்கு மூன்றுமே உண்டு. சிலருக்கு மலம் கழித்தபின் வலி கூடுவதும் உண்டு என்பதால், 2016இல் 'வலி குறைவது' என்பதைத் 'தொடர்பு' என்று தளர்த்தினார்கள்.

ஆனால் மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி அல்லது பேதி, குடும்பத்தில் குடல் புற்றுநோய் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஐபிஎஸ் என்று முடிவுகட்டக் கூடாது. நம் ஊரில் குடல் காசநோயையும் நினைவில் வைக்க வேண்டும். ஐம்பதைக் கடந்த பெண்ணுக்குப் புதிதாக உப்புசம் தொடங்கி விடாமல் நீடித்தால் சூலகத்தையும் பரிசோதிப்பது அவசியம்.

இந்த அறிகுறிகள் ஏதும் இல்லாத வங்கி ஊழியருக்கு ரத்தப் பரிசோதனையும், குடல் அழற்சியைக் காட்டும் மலப் பரிசோதனையும் பெரும்பாலும் போதும். அவை சரியாக இருந்தால், வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், பருப்பு போன்றவற்றை உணவியலாளர் மேற்பார்வையில் நான்கிலிருந்து ஆறு வாரம் குறைத்துப் பார்க்கலாம். அதன்பின் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். அவருக்கு ஒவ்வாதது வெங்காயம் மட்டும் என்றால், பருப்பும் பாலும் தட்டுக்குத் திரும்பிவிடலாம்.