அரங்கேற்றத்துக்கு ஒன்றரை நாள் விடுப்பு

பரதநாட்டிய அரங்கேற்ற அழைப்பிதழில் மாலை ஆறு மணி என்று அச்சடித்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு அம்மாவோ அப்பாவோ அலுவலகத்தில் ஒரு நாள் விடுப்பு எழுதிக் கொடுப்பார்கள். அரை நாள் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. முந்தின நாள் மத்தியானம் குருவிடமிருந்து போன் வரும்: "வாத்தியக்காரங்க நாலு மணிக்கே வந்துடுவாங்கம்மா, பிள்ளையைக் கூட்டிட்டு வந்துடுங்க." மேலதிகாரியிடம் மறுபடி போய் நிற்பதைத் தவிர அப்போது வேறு வழியிருக்காது.

அந்த ஒத்திகையைத் தட்ட முடியாது. பிள்ளை வருடக்கணக்கில் குருவின் தட்டுக்கழிக்கும் பதிவு செய்த பாட்டுக்கும் ஆடிப் பழகியிருக்கும். பாட்டும் மிருதங்கமும் வயலினும் நேரில் சேரும்போது வேகம் கொஞ்சம் மாறும். வர்ணம் மட்டுமே அரை மணி நேரத்துக்கு மேல் போகும். அதில் வரும் ஜதிகளில் நட்டுவாங்கத்தின் தாளமும் மிருதங்கத்தின் சொல்லும் பிள்ளையின் காலும் ஒன்றாக விழ வேண்டும். எந்த இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்ளலாம் என்பதையெல்லாம் அன்று மாலைதான் பேசி முடிப்பார்கள். அன்று பெற்றோருக்கும் வேலை இருக்கிறது. கலைஞர்களுக்குச் சாப்பாடும் தங்குமிடமும் பார்க்க வேண்டும், அரங்கத்து ஒலி, ஒளிக்காரர்களிடம் பேச வேண்டும்.

மறுநாள் ஆறு மணி நிகழ்ச்சிக்கு அலங்காரத்தை இரண்டரை, மூன்று மணிக்கே தொடங்கிவிடுவார்கள். முகத்துக்கு ஒப்பனை, பிறகு நெற்றிச்சுட்டி, சூரியன், சந்திரன், ராக்கொடி, சவுரி வைத்துப் பின்னிய ஜடை, அதன் நுனியில் குஞ்சலம். ஜடை ஆட்டத்தில் நழுவாமல் இருக்க ஊசிகளை ஒவ்வொன்றாகக் குத்தி, பூவைச் சுற்றிக் கட்டுவார்கள். கைகால்களுக்கு இட்ட அல்தா காய்கிற வரை பிள்ளை எதையும் தொட முடியாது. தண்ணீரைக்கூட அம்மாதான் ஸ்ட்ரா வைத்துக் கொடுக்க வேண்டும். வர்ணம் முடிந்ததும் உடை மாற்றக் கிடைப்பது கொஞ்ச நேரம். மேடைக்குப் பின்னால் அடுத்த உடையைத் தயாராக வைத்துக்கொண்டு ஒருவர் நிற்க வேண்டும்.

ஆகவே முந்தின நாள் பிற்பகலும் அரங்கேற்ற நாள் முழுவதும் சேர்த்து ஒன்றரை நாள் வேண்டும். கோயிலில் குழுவாக ஆடும் முதல் மேடை என்றால் இவ்வளவு தேவைப்படாது. அதற்கு ஒரு பிற்பகலே போதும்.

தமிழக அரசு ஊழியரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு உண்டு. அதை அரை நாளாகவும் எடுக்கலாம். அரங்கேற்றத்துக்குப் பொருத்தமானது இதுதான். சேர்த்து வைத்த ஈட்டிய விடுப்பை ஒன்றரை நாளுக்காக உடைக்க வேண்டியதில்லை. ஆனால் தற்செயல் விடுப்பு ஒரு சலுகையே தவிர உரிமை அல்ல. அலுவலக வேலையைக் காரணம் காட்டி அதிகாரி மறுக்கலாம். அதனால்தான் கடிதத்தை எப்படி எழுதுகிறோம் என்பது முக்கியமாகிறது.

திருவாரூரில் ஒரு மாவட்ட அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் பார்க்கும் உதவியாளர் ஒருவர், மகளின் அரங்கேற்றம் தஞ்சாவூரில், வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கடிதம் இப்படி இருக்கலாம்:

அனுப்புநர்: (பெயர்), உதவியாளர், அ பிரிவு.
பெறுநர்: மாவட்ட அலுவலர் அவர்கள், திருவாரூர்.
வழி: கண்காணிப்பாளர், அ பிரிவு.
நாள்: 01.06.2026

ஐயா,

பொருள்: தற்செயல் விடுப்பு ஒன்றரை நாள் மற்றும் தலைமையிடத்தை விட்டுச் செல்ல அனுமதி கோருதல்.

என் மகளின் பரதநாட்டிய அரங்கேற்றம் 19.06.2026 வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குத் தஞ்சாவூரில் நடைபெற உள்ளது. முந்தின நாள் மாலை பக்கவாத்தியத்துடன் ஒத்திகை இருப்பதால், 18.06.2026 பிற்பகல் அரை நாளும் 19.06.2026 முழு நாளும் தற்செயல் விடுப்பு வழங்குமாறும், 18.06.2026 பிற்பகல் முதல் 21.06.2026 முடியத் தலைமையிடத்தை விட்டுச் செல்ல அனுமதிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

ஜூன் மாதச் சம்பளப் பட்டியலை 17ஆம் தேதிக்குள் முடித்துக் கண்காணிப்பாளரின் பார்வைக்கு வைத்துவிடுகிறேன். நான் இல்லாத நாட்களில் அவசரத் தபால்களைக் கவனிக்க அதே பிரிவின் இளநிலை உதவியாளர் சம்மதித்துள்ளார். 22.06.2026 திங்கட்கிழமை காலை பணிக்கு வந்துவிடுவேன்.

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இந்தக் கடிதத்தில் பலர் விட்டுவிடுவது தலைமையிட அனுமதியை. விடுப்பு வெள்ளியோடு முடிந்தாலும் சனி, ஞாயிறு வெளியூரில் தங்குவதற்கு அனுமதி வேண்டும். சனிக்கிழமை அவசர வேலை என்று அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்து, ஆள் தஞ்சாவூரில் இருந்தால், விடுப்பு முறையாக எடுத்திருந்தும் விளக்கம் எழுதிக் கொடுக்க நேரிடும்.

அதிகாரி நின்று படிப்பது சம்பளப் பட்டியல் வரியைத்தான். அந்தப் பட்டியல் கருவூலத்துக்குத் தாமதமாகப் போனால் அலுவலகம் முழுவதற்கும் சம்பளம் தள்ளிப்போகும். அவருடைய கவலை அதுதான். அந்தக் கவலைக்குத் தேதியோடு பதில் இருந்தால் கையெழுத்துப் போடத் தயங்கமாட்டார். "பணிகளை முடித்துவிட்டுச் செல்கிறேன்" என்று பொதுவாக எழுதினால் அந்தப் பதில் கிடைக்காது.

காரணத்தை மறைக்கிறவர்களும் இருக்கிறார்கள். நடனம் என்று சொன்னால் யார் விடுவார்கள் என்று நினைத்து, "உடல்நிலை சரியில்லை" என்றோ "சொந்த வேலை" என்றோ எழுதிவிடுகிறார்கள். அரங்கேற்றப் படங்கள் அன்று இரவே உறவினர்களின் வாட்ஸ்அப்பில் சுற்றும். அலுவலகத்தில் யாராவது பார்ப்பார்கள். பல வருட உழைப்பில் பிள்ளை ஏறுகிற மேடைக்குப் பொய்க்காரணம் எழுதுவது அந்தப் பிள்ளைக்குச் செய்கிற நியாயம் ஆகாது. உள்ளதையே எழுத வேண்டும். அழைப்பிதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அரங்கமும் மிருதங்கக்காரரும் உறுதியானதும் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, விடுப்பு கிடைத்த பிறகு அழைப்பிதழோடு போய் அதிகாரியைக் கூப்பிடலாம். இரண்டையும் ஒன்றாக நீட்டினால் அவருக்குத் தர்மசங்கடமாகிவிடும்.

தனியார் கடை, நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. அதன் 25ஆவது பிரிவு, நியாயமான எந்தக் காரணத்துக்காகவும் ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு தற்செயல் விடுப்பு எடுக்க வழி செய்கிறது. துணிக்கடையில் நிற்பவர்களுக்குச் சிக்கல் வேறு மாதிரி. அரங்கேற்றங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும்; கடையில் கூட்டமும் அன்றுதான். அவர்கள் தங்கள் வார விடுமுறையை அந்த ஞாயிறுக்கு மாற்றிக்கொண்டு, பதிலுக்கு எந்தக் கிழமை வேலைக்கு வருவோம் என்பதையும் யார் முறை மாறி நிற்பார் என்பதையும் கடிதத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

தேதி குறிக்கும்போதே அலுவலகத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் இருப்பவர் ஜமாபந்தி நேரத்திலும், வங்கியிலோ கணக்குப் பிரிவிலோ இருப்பவர் மார்ச் கடைசியிலும் அரங்கேற்றம் வைத்தால் எவ்வளவு நல்ல கடிதமும் உதவாது.

அப்படியும் அதிகாரி முழுதாகத் தர முடியாது என்று சொன்னால் வியாழன் பிற்பகலை விட்டுக்கொடுக்கலாம். ஒத்திகைக்குப் பிள்ளையை அத்தையோ சித்தியோ அழைத்துப் போவார்கள். அம்மா வேலை முடித்து இரவு பேருந்தில் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்துவிடலாம். வெள்ளிக்கிழமையை மட்டும் விடக்கூடாது. அதையும் பாதியாக்கித்தான் தருவேன் என்றால் முற்பகல் வேலை பார்த்துவிட்டுப் பிற்பகல் விடுப்பு கேட்க வேண்டும். திருவாரூரிலிருந்து தஞ்சாவூர் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஒரு மணிக்குப் பேருந்து ஏறினால், நெற்றிச்சுட்டி கட்டுகிற நேரத்துக்குப் போய்விடலாம்.