கண்மாய் நெல்லா கடன்காரன்?

"நெல் வயல்ல இருந்து மீத்தேன் கிளம்புது, அதனால பூமி சூடாகிறதுல உழவருக்கும் பங்கு இருக்கு" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். மீத்தேன் வருவது உண்மை. ஆனால் எங்கள் சிவகங்கைச் சீமையின் கண்மாய் நெல்லையும் அமெரிக்க ஆலைப் புகையையும் ஒரே ஏட்டில் எழுதலாமா?

இது பழைய வழக்கு. 1990-ல் அமெரிக்காவின் உலக வள நிறுவனம் வயல், மாடு மீத்தேனையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, இந்தியாவை ஐந்தாவது பெரிய மாசுக்காரராக நிறுத்தியது. பிழைப்புக்கான புகையும் சொகுசுக்கான புகையும் ஒன்றல்ல என்று 1991-ல் டெல்லியிலிருந்து அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் மறுத்து எழுதினார்கள்.

இந்திய வயல்களில் ஆண்டுக்கு மூன்றரைக் கோடி டன்னுக்கு மேல் மீத்தேன் வருவதாக அமெரிக்க மதிப்பீடு ஒன்று சொன்னது. ஏ.பி. மித்ரா தலைமையில் நம் விஞ்ஞானிகள் வயல்களிலேயே அளந்தபோது கிடைத்தது சுமார் 40 லட்சம் டன். காரணம் நமக்குப் புரியும். தண்ணீர் தொடர்ந்து நின்றால்தான் மண்ணில் காற்று இல்லாமல் மீத்தேன் உண்டாகும். மானாவாரி வயலும், கண்மாய்த் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுற வயலும் நடுநடுவே காயும். அதே சமயம், நிற்கிற தண்ணியில தழையை மிதிச்சா நம்ம வயல்லயும் மீத்தேன் கூடத்தான் செய்யும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. மீத்தேன் கண்மாய்த் தண்ணீர் மாதிரி. சுமார் 12 ஆண்டில் பெரும்பகுதி வற்றிவிடும். நிலக்கரி, பெட்ரோல் எரித்து வரும் கரியமில வாயு வண்டல் மாதிரி; நூற்றாண்டுகளாகப் படிந்து கிடக்கும். அதனால்தான் இன்றைய புகையை மட்டும் பார்க்காமல், தொழிற்புரட்சியிலிருந்து சேர்ந்த வண்டலைப் பார்க்க வேண்டும். அதில் அமெரிக்காவின் பங்கு ஏறத்தாழ கால்வாசி. ஐரோப்பாவின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கு மேல். உலக மக்களில் ஆறில் ஒருவருக்கு மேல் வாழும் இந்தியாவின் பங்கு சுமார் 3 சதவீதம்.

சரி, நட்டத்தை யார் கட்டுறாங்க? 2016-ல் வடகிழக்குப் பருவமழை 60 சதவீதத்துக்கு மேல் பொய்த்தது. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். அது நம்ம வரிப்பணம். அந்த வறட்சி முழுக்கப் புகையால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. மழை முன்பும் பொய்த்திருக்கிறது. இந்தச் சந்தேகத்துக்குள்தான் கடன்காரர்கள் ஒளிகிறார்கள். 2015 பாரிஸ் தீர்மானத்திலேயே 'இழப்பும் சேதமும்' பிரிவு இழப்பீட்டுப் பொறுப்புக்கு அடிப்படை ஆகாது என்று எழுதிக்கொண்டார்கள். 2022-ல் அதற்கென நிதியம் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு துபாயில் அமெரிக்கா தருவதாகச் சொன்னது 1.75 கோடி டாலர். அதுவும் நன்கொடை என்ற பெயரில்தான், கடன் என்றல்ல.

நிலைமை கொஞ்சம் மாறுகிறது. கடமை தவறிய நாடு இழப்பை ஈடுகட்ட வேண்டி வரலாம் என்று சர்வதேச நீதிமன்றம் 2025 ஜூலையில் கருத்துரை வழங்கியது. அது கட்டாயத் தீர்ப்பு இல்லை. ஆனாலும், கேட்பது பிச்சையல்ல, பாக்கி என்று வாதாட இடம் கொடுக்கிறது. பாக்கி கேட்க ஏடு வேண்டும். கண்மாய் எந்தத் தேதியில் எவ்வளவு பெருகியது, எத்தனை ஏக்கர் விதைத்தோம், எவ்வளவு கருகியது என்பதை ஊர் ஊராக, வருடம் தவறாமல் எழுதி வைத்தால் அதுதான் நம்ம பக்கத்து ஏடு.