500-க்குப் பக்கத்தில் ஒரு 2

கோவில்பதாகையில் ஏதாவது ஒரு மருந்துக்கடை வாசலில் மாலை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் நின்றால் போதும். "அண்ணே, மூக்கு ஒழுகுது, தலையும் வலிக்குது, ஒரு செட் குடுங்க" என்று யாராவது கேட்பார்கள். கடைக்காரர் இரண்டு மூன்று அட்டைகளை எடுப்பார். கத்தரிக்கோலால் ஒவ்வொன்றிலும் இரண்டு மாத்திரை வெட்டி, சின்னக் காகித உறையில் போட்டு, காலைக்கு ஒரு கோடு, இரவுக்கு ஒரு கோடு பேனாவால் கிழித்துக் கொடுப்பார். இருபது, முப்பது ரூபாயில் காரியம் முடிந்துவிடும்.

அந்த உறைக்குள் என்ன இருக்கிறது என்று வாங்கியவருக்குத் தெரியாது. வெட்டிய துண்டில் மருந்துப் பெயரின் வால் மட்டும் இருக்கும், அல்லது விலையும் தயாரிப்பாளர் முகவரியும் இருக்கும். பார்க்க வேண்டிய வரி கடையில் இருக்கும் மிச்ச அட்டையில் தங்கிவிடும்.

எல்லா அட்டையிலும் அந்த வரி உண்டு. 'ஒவ்வொரு மாத்திரையிலும் அடங்கியது' என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் தொடங்கும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஒரு சளி மாத்திரையின் அட்டையை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்தால் (நேராகப் பிடித்தால் அலுமினியத் தாள் பளபளத்து ஒன்றும் தெரியாது) இப்படி இருக்கும்: பாராசிட்டமால் 500 மில்லிகிராம், பினைல்எஃப்ரின் 10 மில்லிகிராம், குளோர்பெனிரமைன் மாலியேட் 2 மில்லிகிராம்.

படிப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். 500 இருக்கும் இடத்தில் 2 என்றால், குழம்புக்குப் பெருங்காயம் மாதிரி ஏதோ கொஞ்சம் சேர்த்திருக்கிறார்கள் என்று தோன்றும். ஆனால் மருந்தின் வலிமையை எடையை வைத்து ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. பெரியவர்களுக்குக் குளோர்பெனிரமைனின் வழக்கமான ஒருவேளை அளவே 4 மில்லிகிராம்தான். ஆக அந்த 2 என்பது பாதி டோஸ். 'செட்'டில் தனியாக வரும் சின்ன மஞ்சள் அல்லது வெள்ளை மாத்திரையும் அதே குளோர்பெனிரமைனாக இருந்தால் முழு டோஸையும் தாண்டிவிடும். கடைக்காரர்களும் நர்சுகளும் இதைச் சுருக்கமாக சி.பி.எம். என்பார்கள். தூக்கம் வரவைப்பது இந்த சி.பி.எம்.தான். பாராசிட்டமாலுக்கு அந்தக் குணம் கிடையாது. மூக்கடைப்பைக் குறைக்கும் பினைல்எஃப்ரினுக்கும் கிடையாது.

உடம்பில் ஹிஸ்டமின் என்றொரு பொருள் இருக்கிறது. மூக்கில் அது சுரந்தால் தும்மலும் ஒழுகலும் வரும். அதே ஹிஸ்டமின் மூளைக்குள் நம்மை விழித்திருக்க வைக்கிறது. பழைய தலைமுறை ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகளுக்கு மூக்கு எது, மூளை எது என்ற பேதம் தெரியாது. ரத்தத்தில் கலந்து மூளைக்குள்ளும் எளிதாக நுழைந்து, அங்கேயும் ஹிஸ்டமினின் வாயை அடைத்துவிடும். பின்னால் வந்த ஃபெக்ஸோஃபெனடின், லோரட்டடின் போன்றவை மூளைக்குள் அவ்வளவாக நுழைவதில்லை. செட்டிரிசின், லீவோசெட்டிரிசின் இரண்டும் இடைப்பட்டவை. 'தூக்கம் வராத' மருந்து என்று சொல்லிக் கொடுப்பார்கள், ஆனால் கணிசமானவர்களுக்கு வரத்தான் செய்கிறது.

பஸ்ஸில் வாந்தி வராமல் இருக்கப் போடும் மாத்திரையும் இதே குடும்பம்தான் என்பது பலருக்குத் தெரியாது. அது தெரியவந்த விதமும் சுவாரசியமானது. 1947-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் தோல் தடிப்புக்காகப் புதிய ஒவ்வாமை மருந்து ஒன்றை ஒரு கர்ப்பிணிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். டிராம் வண்டியில் ஏறினாலே குமட்டும் அவருக்கு, அந்த மருந்தைச் சாப்பிட்ட நாட்களில் குமட்டல் வரவில்லை. அடுத்த ஆண்டு அட்லாண்டிக் கடலைக் கடந்த ராணுவக் கப்பலில் வீரர்களுக்குக் கொடுத்துச் சோதித்து உறுதி செய்தார்கள். அதுதான் டைமென்ஹைட்ரினேட், டிரமமைன் என்ற பெயரில் விற்பது. அதன் எடையில் பாதிக்குச் சற்று மேல் டைஃபென்ஹைட்ரமின். சில சளி மருந்துகளிலும் இருமல் மருந்துகளிலும் இருப்பதும் அதே டைஃபென்ஹைட்ரமின்.

நம் ஊர்க் கடைகளில் மலைப்பாதைப் பயணத்துக்கு அதிகம் கேட்கப்படும் அவோமினில் இருப்பது புரோமெத்தசின் 25 மில்லிகிராம். அதுவும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து, நன்றாகவே தூங்க வைப்பது. தலைசுற்றலுக்கு எழுதித் தரும் சின்னரிசினும் இந்த வகைதான்.

தலைவலி மாத்திரைகளில் நிலைமை வேறு. சாரிடான் மாதிரியானவற்றில் தூக்க மருந்து எதுவும் இல்லை, காபியில் இருக்கும் காஃபீன்தான் இருக்கிறது. ஆனால் ஒற்றைத் தலைவலிக்கான வாசோகிரெய்ன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். எர்கோட்டமின், காஃபீன், பாராசிட்டமால் வரிசையில் கடைசியாகப் புரோகுளோர்பெரசின் 2.5 மில்லிகிராம் நிற்கும். வாந்தியைத் தடுக்கச் சேர்த்தது அது. புரோமெத்தசினின் ரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்தது, மந்தமாக்கக் கூடியது. டாக்டர் சீட்டில் தர வேண்டிய இந்த மாத்திரை, 'எனக்கு நல்லா கேக்குது, நீ ஒண்ணு போட்டுக்கோ' என்று அக்கம்பக்கத்தில் சர்வசாதாரணமாகக் கைமாறுகிறது.

இப்போது ஒரு கணக்கு. கோவில்பதாகையில் குடியிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் முதல் ஷிஃப்ட் வேலை பார்க்கும் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏற்காட்டிலிருந்து இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பயந்து மதியம் மூன்று மணிக்கு அவோமின் ஒன்று போடுகிறார். நள்ளிரவு நெருங்க வீடு வந்து சேரும்போது மூக்கு ஒழுகுகிறது. பன்னிரண்டு மணிக்குச் சளி மாத்திரை இரண்டு, அதாவது சி.பி.எம். 4 மில்லிகிராம். காலையில் எழும்போதே தலை கனக்கிறது. வீட்டில் கிடந்த ஒற்றைத் தலைவலி மாத்திரை ஒன்றை டீயோடு விழுங்கிவிட்டு, ஆறரைக்கு வண்டியை எடுக்கிறார்.

புரோமெத்தசின் உடம்பில் பாதியாகக் குறைய பத்திலிருந்து பத்தொன்பது மணி நேரம் ஆகும். மூன்று மணிக்குப் போட்டதில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்கு மேல் வரை காலை ஆறரைக்கும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். சி.பி.எம். இன்னும் மெதுவானது, பாதியாகச் சராசரியாக இருபது மணி நேரம் பிடிக்கும். ஆறரை மணி நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் போயிருக்கும். அதற்கு மேல் புதிதாகப் புரோகுளோர்பெரசின். அவரைக் கேட்டால் பஸ்ஸுக்கு ஒன்று, சளிக்கு இரண்டு, தலைவலிக்கு ஒன்று போட்டேன் என்பார். மூன்று வியாதிக்கு மூன்று மருந்து என்பது அவர் கணக்கு. மூளைக்குப் போய்ச் சேர்ந்ததோ ஒரே வேலையைச் செய்யும் மூன்று பொருட்கள்.

"எனக்கு ஒண்ணும் தூக்கம் வரலையே, தெம்பாத்தான் இருக்கேன்" என்றும் அவர் சொல்லலாம். பொய்யில்லை, ஆனால் அதை நம்பி வண்டி ஓட்ட முடியாது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 40 பேரைக் கார் ஓட்டும் செயற்கைக் கருவியில் உட்காரவைத்து ஓர் ஆய்வு நடத்தி, 2000-இல் வெளியிட்டார்கள். ஒரு முறை டைஃபென்ஹைட்ரமின் 50 மில்லிகிராம், இன்னொரு முறை ரத்தத்தில் 0.1 சதவீதம் அளவுக்குச் சாராயம், மற்ற முறைகளில் ஃபெக்ஸோஃபெனடினும் வெறும் மாவு மாத்திரையும். நம் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03 சதவீதம், அதைப்போல மூன்று மடங்கு சாராயம் இது. அந்தப் போதையில் ஓட்டியதைவிட ஒவ்வாமை மாத்திரை போட்டு ஓட்டியபோது வண்டியின் மீதான பிடி மோசமாக இருந்தது. தமக்கு எவ்வளவு தூக்கக் கலக்கம் என்று அவர்களே சொன்னதற்கும் வண்டி ஓட்டிய லட்சணத்துக்கும் பெரிய தொடர்பில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவில் குடி மட்டுமல்ல, வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு மருந்தின் பிடியில் இருப்பதும் குற்றம்தான். ஊதச் சொல்லும் கருவியில் மாத்திரை தெரியாது என்பது வேறு விஷயம்.

சில சளி மாத்திரைகளில் காஃபீன் சேர்த்திருப்பார்கள். தூக்கத்தை அது ஈடுகட்டிவிடும் என்று நினைக்க வேண்டாம். காஃபீன் ஐந்தாறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். சி.பி.எம். உட்கார்ந்திருக்கும்.

இவ்வளவு இருந்தும் அட்டையில் அது ஏன் கண்ணில் படுவதில்லை? விதியிலேயே ஓர் ஓட்டை இருக்கிறது. மருந்தின் உண்மைப் பெயரை வியாபாரப் பெயரைவிட இரண்டு அளவு பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று 2018-இல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. ஆனால் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகள் சேர்ந்த கலவைகளுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. சளி மாத்திரைகளில் பெரும்பாலானவை மூன்று, நான்கு மருந்துக் கலவைகள்தான். எங்கே பெரிய எழுத்து அதிகம் தேவையோ அங்கே விலக்கு கொடுத்திருக்கிறார்கள். அத்தனை பெயரையும் பெரிதாக அச்சிட அட்டையில் இடம் ஏது என்பார்கள். வியாபாரப் பெயருக்கு மட்டும் எப்படியோ இடம் கிடைத்துவிடுகிறது.

எச்சரிக்கை வாசகமும் பெரிதாக உதவாது. சி.பி.எம்., டைஃபென்ஹைட்ரமின், புரோமெத்தசின் எல்லாம் மருந்து விதிகளின் 'ஜி' அட்டவணையில் வருகின்றன. மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் சாப்பிடுவது ஆபத்து என்ற பொதுவான வாசகத்தை அச்சிடச் சொல்கிறது அது. தூக்கம் வரும், வண்டி ஓட்டாதீர்கள் என்ற நேரான பேச்சு சில அட்டைகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது.

ஆகவே பெயரைத்தான் பிடிக்க வேண்டும். 'மாலியேட்', 'ஹைட்ரோகுளோரைடு' எல்லாம் உப்பின் பெயர்கள், அவற்றை விட்டுவிடலாம். அதற்கு முன்னால் இருக்கும் சொல்தான் மருந்து. அது 'ரமின்', 'ரமைன்' என்றோ 'சின்' என்றோ முடிந்தால் நின்று பாருங்கள். குளோர்பெனிரமைன், டைஃபென்ஹைட்ரமின், புரோமெத்தசின், சின்னரிசின், செட்டிரிசின் எல்லாமே இதில் மாட்டும். இது குத்துமதிப்பான வழிதான். அசித்ரோமைசின் மாதிரி சம்பந்தமே இல்லாத கிருமிக்கொல்லியும் 'சின்'னில் முடியும், டைமென்ஹைட்ரினேட் இந்த வலையில் சிக்காமல் தப்பிவிடும். 'பிளஸ்', 'கோல்டு' என்று வால் சேர்த்து ஒரே பெயரில் வரும் மாத்திரைகளுக்குள் இருக்கும் மருந்துகள் வேறுவேறு, போன தடவை பார்த்தது இந்தத் தடவைக்கு ஆகாது.

அறுபதைக் கடந்த ஆண்கள் வீட்டில் இருந்தால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்தப் பழைய மருந்துகள் வாயை உலர்த்துவதோடு சிறுநீர்ப்பையையும் மந்தமாக்கும். புராஸ்டேட் வீங்கியவர்களுக்குச் சளி மாத்திரை போட்ட இரவில் சிறுநீர் அடைத்துக்கொள்வது இதனால்தான். எந்த மாத்திரை போட்டார் என்று டாக்டர் கேட்கும்போது, "வெள்ளையா, வட்டமா ஒண்ணு" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

அட்டையை வெட்டுவதற்கு முன்னால் அதன் பின்பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளக் கேட்டால் கடைக்காரர் மறுக்க மாட்டார். படத்தைப் பெரிதாக்கினால் பொடி எழுத்தும் தெரியும். கூட்டம் அதிகமாக இருந்து, பின்னால் நிற்பவர் தோளை இடித்தால், "இதுல சி.பி.எம். இருக்கா? காலைல வண்டி ஓட்டணும்" என்று கேளுங்கள். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, அவர் வேறொரு அட்டையை எடுக்க வாய்ப்பிருக்கிறது.