முதல் தவணைக்கு முன்பே எழுத வேண்டிய கடிதம்

கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. அந்த ஓராண்டுக்குள் நிலையான வேலை கிடைக்காதவர்கள் பலர் வங்கிப் பக்கம் போகவே கூசுகிறார்கள். கூச வேண்டியதில்லை. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. வேலை இல்லாத காலத்துக்கும் படிப்புக்கேற்ற சம்பளம் இல்லாத காலத்துக்கும், கடன் முடிவதற்குள் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஆறு மாதத்துக்கு மிகாமல் அவகாசம் தரலாம் என்கிறது அது. ஆனால் ‘தரலாம்’ என்றுதான் சொல்கிறது, முடிவு வங்கியுடையது. கேட்காதவருக்குத் தானாக வராது.

முதல் தவணை நாளுக்கு ஓரிரு மாதம் முன்பே கிளை மேலாளருக்குக் கடிதம் கொடுப்பது நல்லது. கடன் கணக்கு எண், படிப்பு முடிந்த தேதி, இப்போதைய வருமானம், கேட்கும் மாதங்கள் ஆகியவை அதில் இருக்கட்டும். விண்ணப்பித்த வேலைகளுக்கான மின்னஞ்சல்களையோ, சிறு வேலையில் இருந்தால் சம்பளச் சீட்டையோ இணைக்கலாம். நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். “பார்த்துக்கலாம்பா” என்று வாய்மொழியாகச் சொல்வதை நம்பி வீடு திரும்பக் கூடாது. திருத்திய தவணை அட்டவணை கைக்கு வராதவரை கணினியில் பழைய தேதியே ஓடும். தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடனாகும். இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்ட அப்பாவின் சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்து இறங்கும்.

அவகாசம் இலவசமல்ல. ஆண்டுக்கு ஒரு லட்சமாக நான்கு லட்சம் வாங்கிய ஒரு பொறியியல் மாணவியை எடுத்துக்கொள்வோம். பத்து சதவீதத் தனிவட்டியில், படிப்பு முடிந்து ஓராண்டு ஆகும்போது வட்டி மட்டும் சுமார் 1,40,000 ரூபாய். அது அசலோடு சேர்ந்து கடன் 5,40,000 ஆகிறது. பத்தாண்டுத் தவணை மாதம் ஏறக்குறைய 7,140. அதன்பின் ஆறு மாதம் தள்ளிப்போட்டால் மேலும் 27,000 ஏறுகிறது. பத்தாண்டுக் கணக்கு அங்கிருந்து தொடங்கினாலும் தவணை 7,490 ஆகும். மாதம் 350 அதிகம் என்பது சிறிதாகத் தெரியும். பத்தாண்டில் அது 42,000. அவகாசத்தின்போதே மாதா மாதம் 4,500 ரூபாய் வட்டியைக் கட்டிவிட்டால் இந்தக் கூடுதல் சுமையே இருக்காது. முழுவதும் முடியாவிட்டால் பாதியாவது கட்டலாம்.

மத்திய அரசின் வட்டி மானியம் பெறும் குடும்பங்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மானியம் படிப்புக் காலத்துக்கும் அடுத்த ஓராண்டுக்கும் மட்டுமே. நீட்டித்த மாதங்களின் வட்டி மாணவர் கணக்கில்தான் ஏறும்.

விண்ணப்பத்துக்குப் பதிலே வராவிட்டால் முதலில் வங்கியின் குறைதீர் பிரிவில் புகார் பதியுங்கள். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அவகாசம் தந்தே ஆக வேண்டும் என்று அவர் வங்கியின் முடிவை மாற்ற மாட்டார். பதில் தராமல் இழுத்தடித்ததைக் கேள்வி கேட்பார். அந்தப் புகாருக்கு முத்திரையிட்ட நகல்தான் ஆதாரம்.